ஜனவரியில் முடிந்த வேலைக்கு டிசம்பர் திகதியில் பில் கேட்டால்...

2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை பிற்பகல். கண்டி நகரில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. சிங்களத்திலிருந்து தமிழுக்கு ஓர் அறிக்கையை மொழிபெயர்த்துக் கொடுத்து, அதற்கான பில்லையும் அன்று காலையில்தான் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். தொகை 95,000 ரூபாய்.

"தம்பி, பில் எல்லாம் சரி. திகதிய மட்டும் டிசம்பர் 30ன்னு மாத்தி அனுப்பிடுங்க. புரொஜெக்ட் 31ஆம் திகதியோட முடிஞ்சு போச்சு. ஜனவரி பில்ல நான் எதுல போடுறது?"

கேட்டவர் கெட்டவர் அல்ல. இரண்டு வருடங்களாக என் காசோலைகளைத் தாமதிக்காமல் அனுப்பிவைத்த அக்கா. வேலை பொய்யல்ல, தொகையும் பொய்யல்ல. ஜனவரி வரை இழுபட்டதற்கும் நான் காரணமல்ல. டிசம்பர் 27 வேலையை ஒப்படைக்க வேண்டிய நாள். ஆனால், ஐந்து அத்தியாயங்களில் கடைசி இரண்டின் மூலப்பிரதியே ஜனவரி 3ஆம் திகதிதான் என் கைக்கு வந்தது. அப்படியிருக்க ஒரு திகதியை மாற்றுவதில் என்ன வந்துவிடப் போகிறது?

நான் முடியாது என்றேன். ஏன் முடியாது என்பதும், அதை எப்படிச் சொன்னால் வேலையும் உறவும் முறியாமல் தப்பிக்க வாய்ப்பிருக்கிறது என்பதும்தான் இந்தக் கட்டுரை. அச்சகம், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, வாகன வாடகை, கேட்டரிங் என்று கண்டியைச் சுற்றிச் சிறு தொழில் செய்யும் பலருக்கு வருடத் தொடக்கத்தில் இந்த அழைப்பு வருகிறது.

ஏன் கேட்கிறார்கள்?

பெரும்பாலான நேரங்களில் காரணம் திருட்டல்ல, ஒரு கடைசித் திகதி. அரசாங்கத் திணைக்களங்களின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கென ஒதுக்கப்பட்டுச் செலவழிக்கப்படாத பணம் அடுத்த ஆண்டுக்குத் தானாக வந்து சேராது. வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களுக்கும் இப்படியொரு முடிவுத் திகதி உண்டு. அதற்குப் பிறகு செய்த செலவை நிதி வழங்குநர் ஏற்க மறுக்கலாம். எனவே, தாமதமான வேலையை ஆண்டுக்குள் தள்ளிவிட, கணக்குப் பிரிவுக்குக் கண்ணில் படும் மிகச் சுலபமான வழி உங்கள் பில்லின் திகதி.

இன்னொரு காரணம் வரி. 2024 ஜனவரி 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி (வற்) 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. ஐந்து இலட்சம் ரூபாய் வேலைக்கு டிசம்பர் 31 வரை 75,000 ரூபாய் வரி, மறுநாளிலிருந்து 90,000. நடுவில் 15,000 ரூபாய் வித்தியாசம். ஒரேயொரு திகதி அந்த 15,000 ரூபாயை மறைத்துவிடும் என்றால், அதைக் கேட்டுப் பார்க்கும் ஆசை வாங்குபவருக்கு வரத்தான் செய்யும்.

இரண்டு காரணங்களிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. பில்லைக் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் உண்மை தெரியும். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. ஏமாறப் போவது அந்த அறையில் இல்லாத மூன்றாமவர்: நிதி வழங்குநர், கணக்காய்வாளர், இறைவரித் திணைக்களம். பில் என்பது இரண்டு பேருக்கிடையிலான துண்டுச்சீட்டு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அந்த மூன்றாமவருக்கு நாம் கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஒரு சாட்சியம்.

"வேலை உண்மைதானே?"

வேலையும் பணமும் உண்மையாக இருந்தால் திகதி பெரிய விடயமல்ல என்ற வாதத்துக்கு உலகறிந்த பதில் ஒன்று இருக்கிறது. அதன் மையத்தில் இருந்தவர் கொழும்பில் பிறந்தவர்.

நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் இயங்கிய 'கம்பியூட்டர் அசோசியேட்ஸ்' அமெரிக்காவின் மிகப் பெரிய மென்பொருள் கம்பனிகளில் ஒன்று. கொழும்பில் பிறந்து சிறு வயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்கா சென்ற சஞ்சய் குமார் 2000ஆம் ஆண்டில் அதன் தலைமை நிர்வாகியானார். அந்தக் கம்பனியில் ஒரு பழக்கம் இருந்தது. காலாண்டு முடிந்த பிறகும் கணக்குப் புத்தகத்தை மூடாமல் சில நாட்கள் திறந்தே வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு முந்தைய காலாண்டின் திகதி போடப்படும். '35 நாள் மாதம்' என்ற பெயரே இதற்கு வந்தது. தொலைநகலில் வந்த ஒப்பந்தங்களின் மேல் தானாக அச்சாகியிருந்த நேரக் குறிப்புகள்கூட நீக்கப்பட்டன.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்த ஒப்பந்தங்கள் கற்பனையானவை அல்ல. வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், மென்பொருள் இருந்தது, கையொப்பமும் இருந்தது. பொய்யாக இருந்தது நாள் மட்டுமே. ஆனால், அந்த நாளை நம்பித்தான் முதலீட்டாளர்கள் பங்குகளை வாங்கினார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழுவின் குற்றச்சாட்டின்படி, 2000, 2001 நிதியாண்டுகளில் 220 கோடி டொலருக்கும் அதிகமான வருமானம் உரிய காலத்துக்கு முன்பே கணக்கில் காட்டப்பட்டது.

இந்த முறைக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. அடுத்த காலாண்டின் வருமானத்தை இந்தக் காலாண்டுக்கு இழுத்துவிட்டால், அடுத்த காலாண்டு பள்ளத்திலிருந்தே தொடங்கும். அதை நிரப்ப, அதற்கும் அடுத்ததிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்க வேண்டும். 2000 ஜூலையில் கம்பனி இனி இழுக்க முடியாமல், எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்று அறிவித்தது. பங்கு விலை ஒரே நாளில் 40 வீதத்துக்கு மேல் சரிந்தது. சஞ்சய் குமார் 2006 ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் அவருக்கு 12 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

என்னுடைய 95,000 ரூபாய் பில்லை இதனோடு ஒப்பிடுவது யானையையும் எறும்பையும் ஒப்பிடுவது போலத்தான். ஆனால் "வேலை உண்மை, பணம் உண்மை, திகதி மட்டும்தானே" என்ற வாசகம் இரண்டிலும் ஒன்றே.

நமது சட்டமும் திகதியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை போலி ஆவணத்தை வரையறுக்கும்போது, வேறொருவர் செய்தது போலக் காட்டுவதை மட்டும் சொல்லவில்லை. நேர்மையற்ற நோக்கத்துடன், ஓர் ஆவணம் உண்மையில் செய்யப்படாத ஒரு காலத்தில் செய்யப்பட்டது போலக் காட்டுவதையும் சேர்த்தே சொல்கிறது. அதற்குத் தரப்படும் உதாரணங்களில் ஒன்று காணி உறுதி பற்றியது. ஒருவருக்கு விற்ற காணியை மீண்டும் இன்னொருவருக்கு எழுதி, அந்த இரண்டாவது உறுதிக்கு ஆறு மாதம் முந்திய திகதி போடுவது. எழுதியவர் உண்மையான உரிமையாளர், கையொப்பம் அவருடையதே. இருந்தும் அது போலி ஆவணம்தான். ஒவ்வொரு பழைய திகதியும் குற்றமாகிவிடாது, நோக்கம் முக்கியம். ஆனால், மூன்றாமவரை நம்பவைத்துப் பணம் பெறுவதற்காகவே திகதி மாற்றப்பட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல பில் எழுதியவருக்கு இடமிருக்காது.

திகதி தனியாக நிற்பதில்லை

என் விடயத்தில் சட்டத்துக்கு முன்பே ஒரு சாதாரணத் தடை இருந்தது: இலக்கம். டிசம்பர் 23ஆம் திகதி நான் எழுதிய பில் 2024/30. டிசம்பர் 31ஆம் திகதி வேறொருவருக்கு எழுதியது 2024/31. ஜனவரி 6ஆம் திகதி எழுதியது 2025/01. இப்போது டிசம்பர் 30ஆம் திகதிக்கு ஒரு பில் எழுத வேண்டுமென்றால் 30க்கும் 31க்கும் நடுவில் ஓர் இலக்கம் வேண்டும். அப்படியொன்று இல்லை. '2024/30A' என்று எழுதலாம். அதைப் பார்க்கும் எந்தக் கணக்காய்வாளரும் முதலில் கேட்பது அந்த 'A' எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

இலக்கத்தைச் சரிக்கட்டினாலும் மற்றவை இருக்கின்றன. கடைசி அத்தியாயங்களை நான் அனுப்பிய மின்னஞ்சலில் ஜனவரி 9 என்று இருக்கிறது. மூலப்பிரதி கிடைத்ததாக நான் போட்ட வட்ஸ்அப் செய்தியில் ஜனவரி 3 என்று இருக்கிறது. வற் பதிவுள்ள வியாபாரமென்றால் இன்னும் இறுக்கம். விற்றவரும் வாங்கியவரும் தத்தமது பில்களின் இலக்கம், திகதி, தொகை ஆகியவற்றை அட்டவணையாக இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் கேள்வி இரு பக்கமும் வரும்.

சில வேளைகளில் ஆவணமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நமது தேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2014ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஓர் ஒப்பந்தத்தில் 12 இலக்க எண் இருந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. பாகிஸ்தானில் 2017ஆம் ஆண்டு, நவாஸ் ஷெரீப் குடும்பத்தின் சொத்து விசாரணையில், 2006 பெப்ரவரித் திகதியிட்ட ஆவணம் ஒன்று 'கலிப்ரி' எழுத்துருவில் இருப்பது தெரியவந்தது. அந்த எழுத்துரு பொதுப் பாவனைக்கு வந்ததோ 2007இல். அதன் சோதனைப் பதிப்பு முன்பே கிடைத்தது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. தண்டிக்கப்பட்ட மரியம் நவாஸ் 2022இல் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். ஆனால், ஒரு திகதியை நிரூபிக்க எழுத்துருவின் வரலாற்றைப் பல வருடங்கள் வாதாட வேண்டி வந்தது.

ஒரு பில்லில் இரண்டு திகதி

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. கணக்குப் பிரிவு கேட்பது 'டிசம்பர் பில்'. ஆனால், அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, வேலை டிசம்பரில் நடந்தது என்பதற்கான ஆதாரம். இரண்டும் ஒன்றல்ல. பில் எழுதிய நாள் வேறு, வேலை நடந்த நாள் வேறு. வற் சட்டம் வரி விலைப்பட்டியலுக்குக் கேட்கும் விபரங்களிலேயே வழங்கிய திகதியும் வழங்கல் நடந்த திகதியும் தனித்தனியாக இருக்கின்றன. வற் பதிவில்லாத என்னைப் போன்றவர்களும் அதே முறையைப் பின்பற்றலாம்.

கணக்கியலும் இதற்கு இடம் தருகிறது. டிசம்பரில் வேலை முடிந்து ஜனவரியில் பில் வந்தால், அது டிசம்பரின் அட்டுறு செலவு. உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கும்: ஏற்பட்டுவிட்ட, ஆனால் இன்னும் செலுத்தப்படாத செலவு. ஜனவரித் திகதியிட்ட பில்லை வைத்தே அதை டிசம்பர்க் கணக்கில் காட்டலாம். திட்டப் பணத்தில் அதைக் கொடுக்கலாமா என்பது நிதி வழங்குநரின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால், டிசம்பருக்குள் நடந்த வேலை என்பதைக் காட்டினால் கேட்பதற்கு ஒரு நியாயம் இருக்கும்.

எனவே நான் முதலில் என் வேலையைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்து அத்தியாயங்களில் மூன்றை டிசம்பர் 27ஆம் திகதியே மின்னஞ்சலில் ஒப்படைத்திருந்தேன். ஐந்தில் மூன்று பங்கு 57,000 ரூபாய். அது நேர்மையாகவே டிசம்பர் வேலை. மிச்சம் 38,000 ரூபாய் ஜனவரி வேலை. எந்தத் திகதி போட்டாலும் அது டிசம்பருக்குப் போகாது. அதற்கு இரண்டே வழி: நிதி வழங்குநரிடம் காலநீடிப்புக் கேட்பது, அல்லது நிறுவனம் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுப்பது.

இதே தர்க்கம் ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும். வாய்ப்பேச்சில் நவம்பரில் தொடங்கிய வேலைக்கு ஜனவரியில் ஒப்பந்தம் எழுதுவதில் தவறில்லை. கையொப்பமிடும் இடத்தில் ஜனவரித் திகதியைப் போட்டு, "இவ்வொப்பந்தம் நவம்பர் 1ஆம் திகதி முதல் நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்படும்" என்று உள்ளே எழுதினால் போதும். அதை வாசிக்கும் யாரும் ஏமாறுவதில்லை. கையொப்பத்துக்குக் கீழேயே நவம்பர் 1 என்று போட்டால்தான் பிரச்சினை.

எப்படிச் சொல்வது?

தொலைபேசியில் நான் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, திகதிய மாத்த ஏலாது. ஆனா உங்களுக்கு உதவுற மாதிரி வேறொண்டு செய்து தாறன், இண்டைக்கே அனுப்புறன்." யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் என்பதால் என் பேச்சு அப்படித்தான் வரும். அன்று மாலை புதிய பில்லுடன் இந்தக் கடிதத்தை அனுப்பினேன்.

"இன்று பேசியதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன். பில்லுக்கு டிசம்பர் 30 என்று திகதியிட என்னால் முடியாது. பில் எழுதப்பட்டது ஜனவரி 10ஆம் திகதி. டிசம்பருக்கான என் பில் இலக்கங்கள் 31ஆம் திகதியுடன் முடிந்துவிட்டன. வேறு திகதியிட்டால் உங்கள் கணக்காய்வாளருக்கு நடக்காத ஒன்றை நான் உறுதிப்படுத்தியதாகிவிடும். ஆகவே அதே திகதியில், வேலை நடந்த காலத்தைப் பிரித்துக் காட்டி, பழைய பில்லுக்குப் பதிலாக இதை அனுப்புகிறேன். 1 முதல் 3 வரையான அத்தியாயங்கள், ஒப்படைத்தது 27.12.2024, ரூபாய் 57,000. 4, 5ஆம் அத்தியாயங்கள், ஒப்படைத்தது 09.01.2025, ரூபாய் 38,000. டிசம்பர் 27ஆம் திகதி மின்னஞ்சலின் பிரதியை இணைத்துள்ளேன். மூலப்பிரதி ஜனவரி 3இல் கிடைத்ததை உறுதிப்படுத்தி, காலநீடிப்புக் கோரிக்கைக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டால் தருகிறேன்."

இதில் மறுப்பு முதல் வரிகளிலேயே வந்துவிடுகிறது. காரணம் ஒன்றுதான்: பில் எழுதப்பட்ட நாள் அதுவல்ல, வேறு நாளைப் போட்டால் நான் பொய்யாக உறுதிப்படுத்தியவனாவேன். "இது மோசடி" என்ற சொல் இல்லை. கேட்டவர் அவசரத்தில் கேட்டார். அவரைக் குற்றவாளியாக்கினால் அடுத்த வரியை அவர் வாசிக்கமாட்டார்.

பொய்ச் சாக்கும் இல்லை. "மென்பொருள் திகதியை மாற்றவிடாது" என்று சொல்ல எனக்கும் ஆசை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் "பரவாயில்ல தம்பி, வர்ட்ல அடிச்சு அனுப்புங்க" என்பதுதான் அடுத்த பதிலாக இருந்திருக்கும். "என் கணக்காளர் விடமாட்டார்" என்றால் "அவரோட நம்பரத் தாங்க" என்பார்கள். சாக்கை உடைத்துவிடலாம். நடந்தது இந்த நாளில்தான் என்பதை உடைக்க முடியாது.

கோரிக்கை வாய்மொழியாக வந்தாலும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். நான் திகதி மாற்றாவிட்டாலும், என் பெயரில் வேறு யாராவது ஒரு பில்லை அடித்துக் கோப்பில் வைத்துவிடலாம். அப்படி நடந்தால், உண்மையான பில் எது என்று காட்ட என்னிடம் இருப்பது அந்த மின்னஞ்சல் மட்டுமே.

பிறகு நடந்தது

திங்கட்கிழமை போயா, செவ்வாய்க்கிழமை தைப்பொங்கல். புதன்கிழமை அக்கா அழைத்தார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "மத்தவங்க எல்லாம் மாத்திக் குடுத்துட்டாங்க தம்பி" என்றார். 57,000 ரூபாய் ஜனவரி முடிவதற்குள் வந்துவிட்டது. 38,000 ரூபாய்க்கு நிதி வழங்குநரின் காலநீடிப்புக் கடிதம் வரும்வரை, மார்ச் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு மாதமும் வாடகை கொடுக்கத் திணறினேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. மறுப்பதற்கு விலை இருக்கிறது. காசை நம்பிக் காத்திருப்பவருக்கு அது சின்ன விலையல்ல.

மே மாதத்தில் அந்த நிறுவனத்தின் கணக்காய்வாளர்களிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. கணக்காய்வின்போது கடன்கொடுத்தோருக்கு வழக்கமாக அனுப்புவதுதான். 2024 டிசம்பர் 31ஆம் திகதியன்று உங்களுக்குச் செலுத்த வேண்டியிருந்த தொகை எவ்வளவு, உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டு அனுப்பவும் என்றது. 57,000 ரூபாய் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஜனவரியில் திகதியை மாற்றியிருந்தால் அந்த இடத்தில் 95,000 என்று எழுத வேண்டி வந்திருக்கும். இந்த முறை அக்காவுக்காக அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் நேரடியாகக் கேட்ட கேள்விக்கு, என் கையால்.

அந்த நிறுவனத்தின் அடுத்த மொழிபெயர்ப்பு வேறொருவருக்குப் போனது. திகதி விடயம்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. அதற்கடுத்த அறிக்கைக்கு அக்கா மறுபடியும் அழைத்தார். வேலையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, "இந்த முறை மூலப்பிரதிய நவம்பர்லயே தந்துடுவோம் தம்பி" என்றார்.